சுவரில் இல்லாத ஒற்றைச் சேர்க்காதீர்கள்

போன மாதம் தருமபுரியில் இரண்டு கல்லூரிப் பிள்ளைகள், தாங்கள் எடுத்த சுவரெழுத்துப் படங்களைக் கொண்டுவந்து காட்டினார்கள். நாற்பது படம் இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் சுவரில் இருந்ததைத் தட்டச்சு செய்திருந்தார்கள். சந்தி சரி, லகர ளகரம் சரி, ஒரு பிழை கிடையாது. படிக்கப் படிக்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. கரித்துண்டாலும் நீலத்தாலும் சுவரில் எழுதுகிற நாற்பது பேரும் தமிழாசிரியர்களாகவா இருப்பார்கள்? பிள்ளைகள் திருத்தியிருக்கிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

கோணலாக எடுப்பது, வெயில் எதிரில் நின்று எடுப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. நாலு படம் கெட்டால் தானாகத் தெரிந்துவிடும். கெட்டது தெரியாமலே கெடுகிற விஷயங்கள்தான் என் கவலை.

திருத்திப் படியெடுப்பது

11 வருடத்துக்கு முன்னால் அரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில், காட்டோரமாக இருந்த ஒரு மண் மதிலைப் படம் எடுத்தேன். புதுச் சாலைக்காக அளந்து, நிலங்களில் கல் நட்டுவிட்டுப் போயிருந்த சமயம். துணிக்குப் போடும் நீலத்தைச் சுண்ணாம்பில் கலந்து இரண்டு வரி எழுதியிருந்தார்கள்.

கல்லு நட்ட சாமி
கேட்டது கொல்லதானா

இரண்டாம் வரியில் ‘ல’வுக்கும் ‘தா’வுக்கும் நடுவே, கொஞ்சம் மேலே தூக்கி, சின்னதாக ஒரு ‘த்’ இருந்தது. விட்டுப்போன எழுத்தை இடையில் செருகியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து ‘கேட்டது கொல்லத்தானா’ என்று சுத்தமாக எழுதிவைத்தேன். நிலத்தைக் கேட்டது எங்களைக் கொல்வதற்குத்தானா என்று பொருள். தெளிவான வாசகம், காரமான வாசகம். கண்காட்சிக்கு வைத்தபோது கறுப்பு வெள்ளையாக மாற்றினேன், கீழே ‘அளக்க வந்தவர்களைக் கொலைகாரர் என்கிறது ஒரு மதில்’ என்று குறிப்பும் போட்டேன். அந்தக் குறிப்பை இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான்.

கண்காட்சிக்கு அந்த மதில் வீட்டுக்கார அம்மா வந்தார். படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றவர், என்னைப் பார்த்து, “எங்க கொல்ல எங்கங்க போச்சு?” என்றார்.

எனக்குப் புரியவில்லை. நான் தெற்கத்தி ஆள். எங்கள் ஊரில் கொல்லை என்றால் வீட்டின் பின்புறம், அவ்வளவுதான். தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கமெல்லாம் கொல்லை என்றால் பயிர் வைக்கிற மேட்டு நிலம். “கொல்லைக்குப் போயிருக்காரு” என்றால் வேலை செய்யப் போயிருக்கிறார் என்று பொருள். பேசும்போது கடைசி ‘ஐ’ தேய்ந்து ‘கொல்ல’ போலவே காதில் விழும், எழுதும்போதும் பலர் ஐகாரக் கொம்பை விட்டுவிடுவார்கள்.

இப்போது அந்த வரியைத் திரும்பப் படியுங்கள். ‘கொல்லை’யோடு ‘தான்’ சேர்ந்தால் ஒற்று மிகாது. கொல்லைதான் என்றே இருக்கும். கொல்வதைக் குறிக்கும் ‘கொல்ல’வோடு சேர்ந்தால் மிகும், கொல்லத்தான் என்றாகும். ஆக ‘த்’ இல்லாத நீல வரி, “நீங்கள் கேட்டது நிலத்தை மட்டும்தானா?” என்று கேட்கிறது. அந்த ஒரு எழுத்தைச் செருகினால், “கேட்டது கொல்லவா?” என்று கேட்கிறது. சுவரில் இரண்டு கேள்வியும் ஒரே இடத்தில் நின்றன. என் படியில் ஒன்றுதான் மிஞ்சியது, அதுவும் இரண்டாவதாக வந்தது.

ஏனென்றால் நீலத்தில் எழுதியவர் அந்த அம்மாவின் மாமனார். செருகியிருந்த ‘த்’ நீலம் இல்லை, காவி. இரண்டு நாள் கழித்து அவருடைய பேத்தி வைத்தது. ஒன்பதாம் வகுப்பு. வலி மிகும் இடம், மிகா இடம் எல்லாம் அப்போதுதான் பள்ளியில் நடந்துகொண்டிருந்ததாம். “தாத்தா தப்பா எழுதிட்டாருன்னு வெக்கலீங்க. அவரு கேட்டது அவரோடது, இவ கேட்டது இவளோடது” என்றார் அந்த அம்மா. நான் கறுப்பு வெள்ளையாக்கியபோது நீலமும் காவியும் ஒரே சாம்பலாகிவிட்டன. இரண்டு தலைமுறை மாறிமாறிப் பேசியது ஒரே ஆளின் கைத்தவறாகத் தெரிந்தது.

முதல் வரியையும் பாதிதான் படித்திருந்தேன். கல்லு நட்ட சாமி என்றால் அளவுக்கல் நட்டவர். ஆனால் இறந்தவருக்குக் கல் நடுவது இந்தப் பக்கத்துச் சடங்கு. போரிலும், மாடு கவரவும் மீட்கவும் நடந்த சண்டைகளிலும் செத்த வீரர்களுக்கு நட்ட பழைய நடுகற்கள் இந்த மாவட்டத்தில் வயல் நடுவிலும் ஏரிக்கரையிலும் இன்றும் நிற்கின்றன. ‘கல் நட்டாச்சு’ என்றால் பெரியவர்களுக்கு முதலில் சாவுதான் நினைவுக்கு வரும். அந்த ‘த்’ வருவதற்கு முன்பே சாவு முதல் வரியில் வந்து உட்கார்ந்துவிட்டது. ‘சாமி’ என்பதும் கேலி இல்லை. வீட்டுக்கு வந்த யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மரியாதையோடு கேட்ட கேள்வி அது. நானோ கொலைகாரர் என்று குறிப்பு எழுதினேன்.

அந்தக் குறிப்பை வைத்து ஓர் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, “யாரைய்யா கொலைகாரன்னு எழுதினது?” என்று அந்தப் பெரியவரை ஒரு பகல் முழுக்க உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார்கள். அவர் எழுதியது கொல்லையை. பிறகு மதிலுக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். என் கணினியில் இடம் போதவில்லை என்று வண்ணப்படத்தை நான் ஏற்கெனவே அழித்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் தன் புது பைக்கை அந்த மதிலில் சாய்த்து செல்போனில் எடுத்த ஒரு படம்தான் இன்று மிச்சம். அதில் கைப்பிடிக்கு மேலே காவி ‘த்’ தெளிவாகத் தெரிகிறது.

அதிலிருந்து ஒரு சுவருக்கு மூன்று படி எழுதுகிறேன். முதலாவதில் கண்ணில் பட்டது மட்டும்: வரி எங்கே உடைகிறதோ அங்கே உடைத்து, விட்ட எழுத்தை விட்டபடி, செருகியதைச் செருகிய இடத்திலேயே, நிறத்தையும் குறித்து. இரண்டாவதில் வாய்: உள்ளூர்க்காரர் இரண்டு பேரை, ஒருவர் காதில் மற்றவர் படிப்பது விழாதபடி, சத்தமாகப் படிக்கச் சொல்லி, எங்கே நிறுத்துகிறார்கள், எந்த எழுத்தை அழுத்துகிறார்கள் என்று எழுதுவேன். நான் நினைத்ததை முன்கூட்டியே சொல்லமாட்டேன். சொன்னால் “ஆமாங்க” என்றுதான் பதில் வரும். பொருள் மூன்றாவதில்தான். இரண்டு பேரும் இரண்டு விதமாகப் படித்தால் இரண்டையும் எழுதுவேன், எது சரி என்று தீர்ப்புச் சொல்வதில்லை.

கையில் ஒரு சோதனை வேண்டுமா? கிருஷ்ணகிரியில் ஒரு சாக்கடைப் பாலத்தின் பக்கச் சுவரில் பார்த்தது:

ஓட்டை போட்டோம்
ரோட்டுல விழுந்தோம்

வாக்கு என்ற பொருளில் ‘ஓட்டு’டன் ‘ஐ’ சேர்ந்தால் ‘ஓட்டைப் போட்டோம்’ என்று ‘ப்’ வரவேண்டும். பள்ளம் என்ற ‘ஓட்டை’ என்றால் ‘ப்’ வராது. எழுதியவர் ‘ப்’ போடவில்லை. இலக்கணப்படி பார்த்தால் ஓட்டை போட்டவர்கள் நாம்தான். வாக்களித்ததும் நாம், பள்ளம் தோண்டியதும் நாம், விழுந்ததும் நாம். அந்தப் பிள்ளைகளின் நாற்பதில் இதுவும் இருந்தது. ‘ப்’ சேர்த்திருந்தார்கள். பாதி சிரிப்பு போயிற்று.

இதில் ஓர் எல்லையும் உண்டு. எல்லாப் பிழையும் தந்திரம் இல்லை. ‘இங்கு சிறுநிர் கழிக்காதீர்’ என்பது வெறும் பிழை. திருத்திப் பாருங்கள்: இரண்டாவது பொருள் ஒன்று செத்தால் தந்திரம், எதுவும் சாகவில்லை என்றால் பிழை. படியில் மட்டும் இரண்டையுமே திருத்தக்கூடாது.

அகராதியை முதலில் திறப்பது

அகராதியின் மேல் பழி போடாதீர்கள். கொல்லைக்குப் புன்செய் நிலம் என்ற பொருள் அதில் உண்டு. ஆனால் சுவரில் இருப்பது ‘கொல்ல’. அதைத் தேடினால் ‘கொல்’ என்ற வினையில் போய் நிற்பீர்கள். எந்தச் சொல்லைத் தேடவேண்டும் என்று சொல்ல உள்ளூர்க்காரர் வேண்டும், அகராதி அதற்குப் பிறகு.

தமிழ் எழுத்தென்றால் தமிழ்ச்சொல் என்று நம்புவது

ஓசூர்ப் பக்கம் இது அடிக்கடி காலை வாரும். அங்கே தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகள். எழுதுவது மட்டும் பலருக்குத் தமிழில். ஒரு சுவரில் ‘லஞ்ச பேடா’ என்று பார்த்துவிட்டு, லஞ்சத்தை இனிப்புப் பெட்டியில் வைத்துக் கொடுப்பதைக் கிண்டல் செய்கிறார்கள் என்று நண்பர் ஒருவர் ஒரு பத்தி விளக்கம் எழுதிவிட்டார். கன்னடத்தில் அது ‘லஞ்சம் வேண்டாம்’. தமிழில் ஒரே ‘ப’தான் இரண்டு ஒலிக்கும் நிற்கிறது; உதட்டை அழுத்திச் சொல்லவேண்டியதா, மென்மையாகச் சொல்லவேண்டியதா என்று சுவர் சொல்லாது. எழுதியவரைக் கேட்டபோது சிரித்தாராம். பேடாவும் மனதில் இருந்ததாம். நண்பர் விளக்கத்தை இப்போது பாதியாகக் குறைத்துவிட்டார்.

பழைய ‘லை’யைப் பார்த்துச் சுவருக்கு வயது சொல்வது

1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்குப் பிறகும் சுவரில் எழுதும் ஓவியர் பலர் பழைய கொம்பை விடவில்லை. அவ்வளவுதான்.

எழுத்தை மட்டும் வெட்டி எடுப்பது

ஓட்டை வாசகம் சாக்கடைப் பாலத்தில் இருந்தது. பாலத்தை விட்டுவிட்டு எடுத்தால் என்ன சிரிப்பு?

வீட்டைக் காட்டிக்கொடுப்பது

சுவர் ஒருவருடையது, எழுதியவர் இன்னொருவராக இருக்கலாம். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லிருந்து தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. யார் எழுதினாலும் முதலில் கதவு தட்டப்படுவது சுவர்க்காரருடையது. அதனால் கதவு எண், வண்டி எண், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆள், எல்லாவற்றையும் வெளியிடும் படத்தில் மறையுங்கள். மூலப்படத்தை வண்ணத்தோடு, வெட்டாமல், தனியே வைத்திருங்கள். அந்தப் பையன் அனுப்பிய படத்தில் பைக்கின் எண்ணை மறைத்த பிறகுதான் அந்த அம்மாவிடம் கேட்டு மறுபடியும் வெளியிட்டேன். குறிப்பை இந்த முறை நான் எழுதவில்லை. அவர் பெண்தான் எழுதிக்கொடுத்தாள்: ‘நீலம் தாத்தா. காவி நான்.’