சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறதா? வீட்டுக்கு மாற்று வழி பிடிப்பது இப்படி

மழை விட்டாலும் சுரங்கப்பாதை உடனே வடியாது. சுற்றுவட்டாரத்திலேயே தாழ்வான இடம் அதுதான், மோட்டார் வைத்து இறைத்தால்தான் தண்ணீர் வெளியேறும். அதனால் "கொஞ்ச நேரம் நின்று பார்ப்போம்" என்பது பெரும்பாலும் வேலைக்கு ஆகாது. சுற்றிப் போவதுதான் வழி.

முதலில், எங்கே முடிவெடுக்க வேண்டும் என்பது. சரிவு தொடங்குவதற்கு முன்னால் இருக்கிற கடைசி சந்திப்பில். சரிவில் இறங்கிவிட்டால் இரண்டு பக்கமும் சுவர், நடுவில் தடுப்பு, பின்னால் வரிசையாக வண்டிகள் என்று ஆகிவிடும், திரும்பவே முடியாது. முன்னால் போகிறவர் கடந்துவிட்டார் என்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள், அவர் வண்டியின் உயரம் வேறு. சாதாரண காருக்கு 15 செ.மீ. தண்ணீரே அடிப்பாகத்தைத் தொட்டுவிடும், வண்டி கட்டுப்பாட்டை இழக்கலாம், நின்றும் போகலாம். 30 செ.மீ. இருந்தால் பல கார்கள் மிதக்க ஆரம்பித்துவிடும். நடைபாதையின் ஓரக்கல் தண்ணீருக்குள் மறைந்துவிட்டதென்றால் ஏறக்குறைய அந்த 15 செ.மீ.யைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். சுரங்கப்பாதையின் நடுவில் அதைவிட ஆழமாகத்தான் இருக்கும்.

அடுத்ததுதான் முக்கியம். மாற்று வழி என்றதும் பக்கத்துத் தெருவைத் தேடாதீர்கள். சுரங்கப்பாதை ஏன் அங்கே இருக்கிறது? ஒரு ரயில் பாதையையோ நெடுஞ்சாலையையோ கடக்கத்தான். உங்களை மறிப்பது உண்மையில் அந்தக் கோடுதான். எந்தத் தெருவில் புகுந்தாலும் கடைசியில் அதில்தான் போய் முட்டுவீர்கள். ஆகவே மேப்பைத் திறந்து, தண்டவாளத்தின் மேல் விரலை வைத்து இரண்டு பக்கமும் நகர்த்திக்கொண்டே போய், சாலை அதைக் கடக்கும் இடங்களை மட்டும் பாருங்கள்.

ஒவ்வொரு இடமும் மேம்பாலமா, ரயில்வே கேட்டா, இன்னொரு சுரங்கப்பாதையா என்று சாட்டிலைட் படத்தில் தெரிந்துவிடும். தண்டவாளம் அறுபடாமல் ஓடி, சாலை மட்டும் மறைந்து மறுபக்கம் வெளிவந்தால் சுரங்கப்பாதை. சாலை தண்டவாளத்தை மூடிக்கொண்டு போனால் மேம்பாலம். இரண்டுமே தெரிந்தால் கேட்.

ஒரு உதாரணம். அலுவலகம் தண்டவாளத்துக்குக் கிழக்கே, வீடு மேற்கே, வழக்கமான சுரங்கப்பாதை மூடியிருக்கிறது. வடக்கே 700 மீட்டரில் இன்னொரு சுரங்கப்பாதை, 1.5 கி.மீ.யில் ஒரு கேட், தெற்கே 2 கி.மீ.யில் மேம்பாலம். மேப் செயலிக்கு மூடிய தகவல் போய்ச் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் அந்த 700 மீட்டர் வழியைத்தான் காட்டும், ஏனென்றால் தூரம் குறைவு. அதை விட்டுவிடுங்கள். ஒரே மழை, அதே தாழ்வு, அங்கேயும் தண்ணீர் நிற்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது. கேட் பக்கம் போனால் தண்ணீர் குறைவாக இருக்கலாம், ஆனால் ரயில் வந்தால் மூடுவார்கள், உங்களைப் போலத் திருப்பிவிடப்பட்ட எல்லோரும் அங்கேதான் குவிந்திருப்பார்கள். மேம்பாலம் போனால் போக 2, வர 2, ஆக 4 கி.மீ. கூடுதல். மழையில் மணிக்கு 15 கி.மீ. வேகம் என்று வைத்தாலும் 16 நிமிடம். நான் மேம்பாலத்தைத்தான் எடுப்பேன்.

சரி, செயலியை அந்த வழிக்கு எப்படிக் கொண்டுவருவது? கூகுள் மேப்ஸில் வீட்டுக்கு வழி கேட்டுவிட்டு, மெனுவில் "Add stop" அழுத்தி, மேம்பாலத்தை இடையில் ஒரு நிறுத்தமாகச் சேருங்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. பாலத்தின் நடுவில் பின் வைத்தால் செயலி சில நேரம் கீழே இருக்கிற சர்வீஸ் ரோட்டைப் பிடித்துக்கொள்ளும், பாலத்தின் அடியில்தான் தண்ணீரும் தேங்கும். அதனால் பாலம் இறங்கி முடிந்த பிறகு வரும் சாலையில் பின்னை வையுங்கள், அப்புறம் பெரிதாக்கிப் பார்த்து, நீலக்கோடு பாலத்தின் மேலேதான் போகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஏறும் சரிவு தண்டவாளத்துக்கு வெகு முன்பே தொடங்கிவிடும், அந்த இடத்தைத் தவறவிட்டால் சர்வீஸ் ரோட்டில்தான் போய்ச் சேர்வீர்கள். எங்கே ஏற வேண்டும் என்பதை வண்டி நிற்கும்போதே பார்த்துவிடுங்கள்.

மேப்பில் சாலை சிவப்பாக இல்லை என்பதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அந்த நிறம் அங்கே ஓடுகிற வண்டிகளை வைத்து வருவது. யாரும் போகாத சாலையில் நெரிசலும் தெரியாது, தண்ணீரும் தெரியாது. எதிர்ப்பக்கத்திலிருந்து வண்டிகள் வந்துகொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். யாருமே வரவில்லையென்றால் திரும்பிவிடுவது நல்லது.

வெயில் காலத்திலேயே உங்கள் வழியில் இருக்கும் மேம்பாலங்களை மேப்பில் சேமித்து, அந்தப் பகுதியை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். கனமழையில் சிக்னல் போய்விட்டாலும் வரைபடம் கையில் இருக்கும், ஆனால் நெரிசல் நிலவரம் மட்டும் வராது.