சூடான சொட்டு சொல்லும் பொய்: ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரிந்த தம்பி ஒருவன் போன் செய்தான். "அண்ணா, எவ்வளவு நைஸா அரைச்சாலும் 17-ஐத் தாண்ட மாட்டேங்குது. காப்பி வேற வாயில வைக்க முடியல, அவ்ளோ கசப்பு." எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நானும் இதே புலம்பலோடுதான் அலைந்தேன்.

ரிஃப்ராக்டோமீட்டர் என்பது ஒரு சொட்டில் ஒளி வளைவதை வைத்து காப்பியின் கெட்டியை அளக்கும் கருவி. தம்பி சொன்ன 17, அதை வைத்துக் கணக்குப் போட்ட எக்ஸ்ட்ராக்‌ஷன் சதவீதம். எல்லோரும் தேடுவது 18 முதல் 22. கணக்கு என்னவோ எளிதுதான். காப்பியில் கரைந்திருக்கும் பொருள் எத்தனை சதவீதம் என்பது டிடிஎஸ். போட்ட தூளில் எத்தனை சதவீதம் கரைந்து வந்தது என்பது எக்ஸ்ட்ராக்‌ஷன். கருவி முதலாவதை மட்டும்தான் காட்டும், இரண்டாவதை நாம்தான் போட்டுப் பார்க்க வேண்டும்: கோப்பையில் இறங்கிய காப்பியின் எடை × டிடிஎஸ் ÷ தூளின் எடை. 15 கிராம் தூளில் 220 கிராம் காப்பி இறங்கி, டிடிஎஸ் 1.35 என்றால் 19.8 சதவீதம்.

ஆர்ஓ தண்ணீர் பார்க்கும் டிடிஎஸ் பேனாவால் அளப்பது

அது மின்சாரம் கடத்துவதை அளக்கிறது. காப்பியில் கரைந்திருப்பதில் பெரும்பகுதி மின்சாரம் கடத்தாது. பேனாவை ஆர்ஓ மெஷின் பக்கத்திலேயே வையுங்கள்.

சூடான சொட்டைக் கருவியின் ப்ரிசக் கண்ணாடியில் விடுவது

என்னிடம் மூன்று கால் கிலோ பாக்கெட்டுகளைக் காவு வாங்கிய தவறு இது. வி60 என்ற கூம்பு வடிகட்டியில் காப்பி இறங்கியதும், ஆறும் வரை பொறுமையில்லாமல் கோப்பையிலிருந்து நேராக ஒரு சொட்டை எடுத்து விடுவேன். 1.17 என்று காட்டும். கணக்குப் போட்டால் 17.2. 'சரியாக இறங்கவில்லை' என்று கிரைண்டரை இரண்டு கிளிக் இறுக்குவேன். மறுநாள் 1.2 வரும், இன்னும் இறுக்குவேன். தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். காப்பி கசந்து நாக்கை இழுத்தது. கடைசியில் கொட்டை சரியில்லை என்று முடிவு கட்டி, வறுத்துத் தந்தவரிடம் போய் நியாயம் கேட்டேன். அவர் என் முன்னாலேயே அதே கொட்டையில் ஒரு கோப்பை போட்டுக் கொடுத்தார். அருமையாக இருந்தது. அன்றைக்கு எனக்கிருந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

நடந்தது இதுதான். ப்ரிசத்தின் மேலிருக்கும் திரவத்தில் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைத்தான் கருவி பார்க்கிறது. கரைந்த பொருள் கூடினால் வளைவு கூடும், சூடு கூடினால் குறையும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 20 டிகிரியில் 1.3330, 25 டிகிரியில் 1.3325. அற்ப வித்தியாசமாகத் தெரியும். ஆனால் காப்பியில் ஒரு சதவீதம் பொருள் கரைந்தால் அந்த எண் உயர்வதே ஏறக்குறைய 0.0017 தான். அதனால் 3 டிகிரி தப்பினாலே டிடிஎஸ்-இல் 0.18 அளவுக்குக் காணாமல் போகும். என் 1.35 இப்படித்தான் 1.17 ஆனது.

"வெப்பத்தைத் தானே சரிசெய்யும்னு பெட்டியில போட்டிருக்கே அண்ணா" என்றான் தம்பி. சரிசெய்யும், ஆனால் ப்ரிசத்துக்குக் கீழே இருக்கும் சென்சார் உணரும் வெப்பத்துக்குத்தான். மேலே விழுந்த சொட்டு இன்னும் சூடாகவும் கீழே கண்ணாடி குளிர்ந்தும் இருக்கும்போது, அது வேறு எதற்கோ கணக்குப் போடுகிறது.

சரி, ஆறவைக்கலாம் என்று அகலத் தட்டில் ஊற்றி ஃபேனுக்கு அடியில் வைக்கிறவர்களும் உண்டு. அங்கே தப்பு எதிர்ப்பக்கம் போகும். தண்ணீர் ஆவியாகும், கரைந்த பொருள் அப்படியே தங்கும், எண் ஏறும். 22 வந்துவிட்டது என்று குதித்தவர்களில் சிலர் ஃபேன் காற்றைத்தான் அளந்திருப்பார்கள்.

நான் இப்போது செய்வது இது. கோப்பையை நன்றாகக் கலக்குவேன், ஏனென்றால் முதலில் இறங்கிய கெட்டிக் காப்பி அடியில் தங்கியிருக்கும். டிராப்பரில் கொஞ்சம் உறிஞ்சி, மூடியுள்ள சின்னக் கண்ணாடிக் குப்பியில் விட்டு, அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே வைப்பேன். கருவியும், பூஜ்யம் வைக்கும் டிஸ்டில்டு வாட்டரும் முந்தின ராத்திரியிலிருந்தே அதே மேஜையில் இருக்கும். முதலில் தண்ணீரில் பூஜ்யம், துடைப்பு, பிறகு காப்பிச் சொட்டு. கருவியின் மூடியை மூடி அரை நிமிஷம் விட்டு ஒரு அளவு, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. இரண்டும் ஒன்றாக வந்தால்தான் எழுதிக்கொள்வேன். எண் கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் சொட்டு ஆறிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ஆவியாகிறது. துடைத்துவிட்டுப் புதுச் சொட்டு விடுங்கள்.

தம்பி மத்தியானம் திரும்பவும் கூப்பிட்டான். ஆறிய சொட்டில் 1.52 காட்டியதாம், கணக்கில் 22-ஐத் தாண்டியிருந்தது. கசப்பும் குறைந்த எண்ணும் சேர்ந்து வந்தால் முதலில் எண்ணைச் சந்தேகப்படு என்றேன்.

ஊற்றிய தண்ணீரை வைத்துக் கணக்குப் போடுவது

மேலே சொன்ன கோப்பைக்கு ஊற்றிய தண்ணீர் 250 கிராம். மீதியைத் தூள் குடித்துவிட்டது. 220-க்குப் பதில் 250 போட்டால் 19.8 என்பது 22.5 ஆகிவிடும், அதுவும் ஒரு சொட்டுக் காப்பி மாறாமலே. ஃபில்டரில் இறங்கும் காப்பிக்குக் கோப்பையின் எடைதான் கணக்கு.

தூளைத் தண்ணீரிலேயே ஊறவைத்து அழுத்தி வடிக்கும் பிரெஞ்சு பிரஸ்ஸில் கதை தலைகீழ். அங்கே தூள் பிடித்துவைத்திருக்கும் திரவமும் கிட்டத்தட்ட அதே கெட்டியான காப்பிதான், அதையும் சேர்க்க வேண்டும். 30 கிராம் தூள், 500 கிராம் தண்ணீர், டிடிஎஸ் 1.25 என்றால் ஏறக்குறைய 21 சதவீதம். வடித்த 430 கிராமை வைத்துப் போட்டால் 18-க்கும் கீழே காட்டி, நல்ல காப்பியைக் கெட்டது என்று சொல்ல வைக்கும்.

18–22-ஐ வேதமாக எடுத்துக்கொள்வது

இந்த எண்கள் 1950-களில் அமெரிக்காவில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் செய்த ஆய்விலிருந்து வந்தவை. 18 முதல் 22 சதவீத எக்ஸ்ட்ராக்‌ஷன், 1.15 முதல் 1.35 டிடிஎஸ் என்ற பெட்டி, அங்கே வடிகட்டிக் குடித்தவர்களுக்குப் பிடித்த இடத்தைக் காட்டுகிறது. உங்கள் நாக்கைக் கேட்டு வரைந்ததல்ல. டிடிஎஸ் கெட்டியைச் சொல்கிறது, எக்ஸ்ட்ராக்‌ஷன் தூளிலிருந்து எவ்வளவு எடுத்தோம் என்பதைச் சொல்கிறது. தூளை அள்ளிப் போட்டு 17 சதவீதத்திலேயே கெட்டியான, புளிப்பான காப்பியும் போடலாம்.

அதோடு 20 என்பது சராசரி. தூள் படுக்கையில் ஒரு பக்கம் தண்ணீர் வழி கண்டுபிடித்து ஓடிவிட்டால், பாதித் தூள் 25-உம் மீதிப் பாதி 15-உம் கொடுத்தும் 20 வரும். புளிப்பும் கசப்பும் ஒரே வாயில் தெரியும். அதைக் கருவி காட்டாது.

19.8-க்கும் 20.1-க்கும் சண்டை போடுவது

என் கருவியின் பெட்டியில் டிடிஎஸ் ±0.03 தப்பலாம் என்று போட்டிருக்கிறது. அந்த 15-க்கு 220 கோப்பையில் அது மட்டுமே எக்ஸ்ட்ராக்‌ஷனில் ±0.44. விடுங்கள்.

பால் கலந்தபின் அளப்பது

கூடாது.

சிக்கரி கலந்த தூளுக்கு இந்த எண்ணைத் தேடுவது

நம் ஊர் ஃபில்டர் டிகாக்‌ஷனை அளந்து "29 வருதே" என்று மிரண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சிக்கரி காப்பித்தூளைவிட மிக அதிகமாகக் கரையும். அதனால் அந்த 29-இல் காப்பி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது. நேற்றைய டிகாக்‌ஷனும் இன்றையதும் ஒரே கெட்டியா என்று பார்க்க டிடிஎஸ் உதவும். அதற்கும் தூள் துகள் இல்லாமல் வடித்த, ஆறிய சொட்டு வேண்டும்.