நாட் கேட்வே செலவைக் குறைக்கிறோம்: இன்ஜினியர்களுக்கு ஒரு மடல், ஃபைனான்ஸுக்கு ஒரு மடல்

ஏடபிள்யூஎஸ்ஸின் வர்ஜீனியா ரீஜனில் ஓடும் ஒரு சிஸ்டத்தை எடுத்துக்கொள்வோம். அதன் சர்வர்கள் எஸ்3 ஸ்டோரேஜோடு பேசும் டேட்டா முழுவதும், தனி நெட்வொர்க்கில் இருக்கும் சர்வர்களை வெளியே இணைக்கும் நாட் கேட்வே வழியாகப் போய்வருகிறது. அங்கே ஒவ்வொரு ஜிபிக்கும் 0.045 டாலர் கட்டணம். அதே ரீஜனில் உள்ள எஸ்3க்கு, நாட் கேட்வேயைத் தொடாமல் நேராகப் போகும் வழியான கேட்வே எண்ட்பாயிண்ட் வைத்தால் அந்தக் கட்டணம் இல்லை, எண்ட்பாயிண்டுக்கும் தனிக் கட்டணம் இல்லை. ஜூன் 16 அதிகாலை 2 மணிக்கு மாற்றப்போகிறோம். இதை இரண்டு குழுக்களுக்கும் எழுத வேண்டும்.

படி 1: முதலில் உண்மைத் தாள்

மடலைத் தொடங்காதீர்கள். இரண்டு மடலுக்கும் பொதுவான எண்களை ஒரே இடத்தில் எழுதுங்கள். மே மாதம் நாட் வழியே போனது 24,000 ஜிபி. அதில் எஸ்3க்கு உரியது 20,000. இந்தப் பங்கை பில்லில் பார்க்க முடியாது. அங்கே `NatGateway-Bytes` என்று மொத்தம் மட்டுமே இருக்கும். எந்த டிராஃபிக் எங்கே போனது என்ற பதிவான விபிசி ஃப்ளோ லாகிலிருந்துதான் பிரிக்க வேண்டும். ஆகவே மாதக் குறைவு 20,000 × 0.045 = 900 டாலர். நாட் கேட்வே அப்படியே இருப்பதால், அதன் மணிக்கட்டணம், மாதம் சுமார் 33 டாலர், தொடரும்.

இந்தத் தாள் இல்லாமல் எழுதினால் ஒரு மடலில் 1,080 என்றும் (அது மொத்த டேட்டாவின் கட்டணம்) இன்னொன்றில் 900 என்றும் விழும். பிறகு எந்த எண்ணையும் யாரும் நம்பமாட்டார்கள்.

படி 2: இன்ஜினியர்களுக்கான மடல்

அவர்களுடைய கேள்வி: "என்ன உடையும், நான் என்ன செய்யணும்?" டாலர் கணக்கு ஒரு வரி போதும். உடையக்கூடியதை விரிவாகச் சொல்லுங்கள்:

> ஜூன் 16 அதிகாலை 2 மணிக்கு எஸ்3 டிராஃபிக்கை கேட்வே எண்ட்பாயிண்டுக்கு மாற்றுகிறோம். ரவுட் டேபிள் மாறும் நொடியில் எஸ்3யோடு திறந்திருக்கும் கனெக்ஷன்கள் அறுபடும். 2 மணிக்கு ஓடும் அப்லோட் ஜாப்களில் ரீட்ரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஜாபைத் தள்ளி வையுங்கள்.
>
> பக்கெட் பாலிசியில் நாட் கேட்வேயின் பப்ளிக் ஐபியை `aws:SourceIp` மூலம் அனுமதித்திருந்தால், மாற்றத்துக்குப் பின் 403 வரும். ஜூன் 12க்குள் `aws:SourceVpce` நிபந்தனையோடு தனி Allow ஸ்டேட்மென்ட் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். வேறு ரீஜன் பக்கெட்டுகள் பழையபடி நாட் வழியே போகும். திரும்பப் போக வேண்டுமானால் ரவுட் டேபிளிலிருந்து எண்ட்பாயிண்டை நீக்கினால் போதும். (மாதம் 900 டாலர் குறையும்.)

403 வரி இந்த மடலின் உயிர். ஐபி வழியே அனுமதி கொடுத்திருப்பது அந்த பக்கெட்டின் பொறுப்பாளருக்கு மட்டுமே நினைவிருக்கும். எழுதாவிட்டால் 16ஆம் தேதி காலையில்தான் தெரியவரும்.

படி 3: ஃபைனான்ஸுக்கான மடல்

மேலே உள்ளதைச் சுருக்கி, கடினமான சொற்களை எடுத்துவிட்டு அனுப்புவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ரவுட் டேபிள் என்ற சொல் போய்விடும், ஆனால் அவர்கள் கேட்பதற்குப் பதில் வராது. அவர்கள் கேட்பது: எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து, எந்தத் தலைப்பில், எவ்வளவு உறுதி? வெற்றுத் தாளில் தொடங்குங்கள்:

> ஏடபிள்யூஎஸ் பில்லில் நாட் கேட்வே டேட்டா கட்டணம், மே மாத அளவின்படி, மாதம் 1,080 டாலரிலிருந்து 180 டாலராகக் குறையும். மாற்றம் ஜூன் 16 அன்று. ஆகவே ஜூனில் சுமார் 450, ஜூலை முதல் மாதம் 900 டாலர் குறைவு. மார்ச் வரை மொத்தம் 8,550 டாலர், வரி சேர்க்காமல். புதிதாக எதுவும் வாங்கவில்லை. இரண்டு பேரின் ஒரு நாள் வேலை. அது இருக்கும் சம்பளத்துக்குள் அடங்கும். மற்ற டேட்டா கூடினால் 180 கூடலாம்.

ஜூன் வரியை விட்டுவிட்டால் அந்த மாத பில்லில் 900 குறையவில்லையே என்று கேள்வி வரும், நியாயமாகவே. "83% குறைப்பு" என்றும் எழுதாதீர்கள்: அது இந்த ஒரு வரிக்கான விகிதம், மொத்த பில்லுக்கானது என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். "மிச்சம்" என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். இப்போது கட்டிக்கொண்டிருக்கும் தொகை குறைகிறதென்றால் மிச்சம். வரவிருந்த உயர்வைத் தடுத்தால் அது வேறு. பட்ஜெட்டிலிருந்து முதலாவதை மட்டுமே வெட்ட முடியும்.

படி 4: அனுப்பும் முன்

இரண்டையும் பக்கத்தில் வைத்து தேதி, 900 என்ற எண் இரண்டை மட்டும் ஒப்பிடுங்கள். பிறகு ஃபைனான்ஸ் மடலை இன்ஜினியர் ஒருவரிடம் காட்டி "இதில் பொய் இருக்கிறதா?" என்று கேளுங்கள். எளிமைப்படுத்தும்போது "நாட் கேட்வேயை நீக்குகிறோம்" என்று எழுதிவிடுவது சகஜம். அப்படி எழுதினால் மணிக்கட்டணமும் நின்றுவிடும் என்று அவர்கள் கணக்குப் போடுவார்கள்.

தேதி தள்ளிப்போனால் திருத்தத்தை இரு குழுவுக்கும் அனுப்புங்கள். இன்ஜினியர்களுக்குப் புதிய நேரம் போதும். ஃபைனான்ஸுக்கு 450ஐயும் 8,550ஐயும் மறுபடி கணக்கிட்டு எழுத வேண்டும். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் 30 டாலர் கழியும்.