பாஸ்ட் சார்ஜிங் பாதியில் மந்தமானால்: குறை காரிலா, மெஷினிலா என்று கண்டுபிடிப்பது எப்படி?

சித்திரை, வைகாசி வெயிலில் சேலம் – கோவை நெடுஞ்சாலையில் எலக்ட்ரிக் கார் ஓட்டுபவர்களுக்கு இது பழகிய தொல்லை. சார்ஜிங் கன்னைச் செருகியதும் நன்றாக ஏறும். பத்து நிமிடத்தில் வேகம் பாதியாகும். டேஷ்போர்டில் பேட்டரி சூடு என்றோ, சார்ஜிங் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது என்றோ ஓர் எச்சரிக்கை வரும். சில சமயம் மொத்தமாக நின்றே போகும். உடனே மெஷினைத் திட்டத் தோன்றும், இல்லையென்றால் கார் கெட்டுவிட்டதோ என்று பயம் வரும். இரண்டில் எது என்று அங்கேயே நின்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது.

படி 1: ஆம்ப் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

மெஷினின் திரையிலோ ஆப்பிலோ மூன்று எண்கள் ஓடும்: V, A, kW. பலரும் kW-ஐ மட்டும் பார்க்கிறார்கள். நீங்கள் A-வைப் பாருங்கள். காருக்கும் மெஷினுக்கும் நடக்கும் பேச்சில் முக்கியமானது அதுதான். கார் "எனக்கு இத்தனை ஆம்ப் கொடு" என்று கேட்கும். மெஷின் "என்னால் இவ்வளவுதான் முடியும்" என்று சொல்லும். இரண்டில் எது குறைவோ அதுதான் பேட்டரிக்குப் போகும்.

கன் செருகி ஒரு நிமிடம் கழித்து ஒரு போட்டோ, அப்புறம் ஐந்தாவது, பத்தாவது நிமிடத்தில் ஒவ்வொன்று எடுங்கள். பேட்டரி சதவீதமும் படத்தில் விழட்டும்.

படி 2: எண் எப்படி நகர்கிறது என்று பாருங்கள்

முதல் நிமிடத்திலிருந்தே ஒரே எண்ணில் அசையாமல் நின்றால், பெரும்பாலும் மெஷினின் எல்லை. 60 kW என்று எழுதியிருக்கும் மெஷின் எல்லாக் காருக்கும் 60 கொடுக்காது. அதன் உச்ச அளவு 150 ஆம்ப் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பேட்டரி 335 வோல்ட்டில் இருந்தால், 335-ஐ 150-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 50 kW. அதற்கு மேல் அந்த மெஷினால் உங்கள் காருக்குத் தர முடியாது. இது பழுதில்லை.

பக்கத்துக் கன்னில் இன்னொரு கார் நின்றால் 60 என்பது 30, 30 என்று பிரியலாம். அந்தக் கார் கிளம்பியதும் உங்கள் எண் எகிறினால் காரணம் தெரிந்துவிட்டது. எல்லா மெஷினும் அப்படி உடனே திருப்பித் தராது. சிலவற்றில் சார்ஜை நிறுத்தி மறுபடி தொடங்கினால்தான் முழு அளவு வரும். பக்கத்தில் யாருமே இல்லாமல் எண் பாதி அளவிலேயே நின்றால், உள்ளே மின்சாரத்தை மாற்றித் தரும் மாட்யூல்களில் ஒன்று வேலை செய்யாமல் இருக்கலாம்.

எண் நன்றாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் எங்கோ சூடு ஏறுகிறது. பேட்டரி 80 சதவீதத்தை நெருங்கும்போது இறங்குவது எல்லாக் காரிலும் இயல்பு, அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். 30, 40 சதவீதத்திலேயே இறங்குவதுதான் கவனிக்க வேண்டியது.

சட்டென்று பூஜ்யமானால் மின்தடை, கன் சரியாகப் பூட்டாதது, ஏதோ பழுது என்று எதுவாகவும் இருக்கலாம். எர்த் அல்லது இன்சுலேஷன் பழுது என்று திரையில் வந்தால் திரும்பத் திரும்ப முயற்சி செய்யாமல் வேறு மெஷினுக்குப் போங்கள்.

படி 3: சூடு எங்கே?

மூன்று இடம் உண்டு. முதலாவது கன்னும், காரில் அது பொருந்தும் வாயும். அங்கே வெப்ப சென்சார் இருக்கிறது. தேய்ந்த உலோகப் பின்கள், தூசி, வெயிலில் கிடந்த கன் என்று ஏதாவது இருந்தால் ஆம்ப் குறையும். கைப்பிடி பிடிக்க முடியாத அளவு சுட்டால் நிறுத்திவிட்டு அடுத்த கன்னுக்கு மாறுங்கள். கன்மேல் ஈரத்துணி சுற்றுவதைச் சிலர் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட்.

இரண்டாவது மெஷினின் உட்புறம். வெயிலில் கூரையில்லாமல் நிற்கும் மெஷின் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே குறைத்துக்கொள்ளும். நம் பக்கம் மில்கள் அதிகம். பஞ்சுத் தூசு மெஷினின் காற்று வடிகட்டியில் படிந்தால் உள்ளே சூடு இன்னும் சீக்கிரம் ஏறும். மின்விசிறி பெரிதாக இரைந்தும் வடிகட்டி வழியே காற்று வருவதே தெரியவில்லை என்றால் அங்கேதான் சந்தேகம்.

மூன்றாவது பேட்டரி. வெயிலை விட அதன் வழியே ஓடும் மின்சாரம்தான் அதை அதிகம் சுட வைக்கிறது. ஆம்ப் இரண்டு மடங்கானால் உள்ளே உண்டாகும் வெப்பம் நான்கு மடங்கு. செல்கள் சுமார் 45 டிகிரியைத் தாண்டும்போது பல கார்கள் தாமாகவே குறைத்துக் கேட்கத் தொடங்கும். மாடலுக்கு மாடல் இந்த அளவு மாறும்.

எது என்று பிரிக்க எளிய சோதனை: நிறுத்திவிட்டு வேறு மெஷினில் செருகுங்கள். அங்கேயும் விட்ட இடத்து ஆம்பிலேயே தொடங்கினால் பெரும்பாலும் காரின் பேட்டரிதான். பழைய உயரத்துக்குப் போனால் முந்தைய மெஷினோ கன்னோ.

ஒரு உண்மைக் கணக்கு

என் அக்கா மகன் பெங்களூரிலிருந்து கோபிக்கு வந்துகொண்டிருந்தான். காரில் 40 kWh பேட்டரி. கிருஷ்ணகிரியில் ஒருமுறை பாஸ்ட் சார்ஜ், அப்புறம் நூறுக்கு மேல் வேகத்தில் ஓட்டம், மதியம் சங்ககிரியில் மறுபடி சார்ஜ். "மாமா, மெஷின் ரிப்பேருங்களா, இல்ல காருங்களா?" என்று போனில் கேட்டான்.

எண்களைச் சொல்லச் சொன்னேன். 31 சதவீதத்தில் 335 வோல்ட், 120 ஆம்ப், அதாவது 40 kW. பத்தாவது நிமிடத்தில் 70 ஆம்ப். கால் மணி நேரத்தில் 50 ஆம்ப், அதாவது 17 kW, பேட்டரி 48 சதவீதம். பக்கத்துக் கன் காலி. கைப்பிடி வெதுவெதுப்புதான். சற்றுத் தள்ளியிருந்த இன்னொரு மெஷினில் செருகியபோதும் 50-லேயே நின்றது. ஆக, சூடு பேட்டரியில்தான். காலையில் ஏறிய சூடு இறங்குவதற்குள் வேக ஓட்டம், அதற்கு மேல் இன்னொரு பாஸ்ட் சார்ஜ்.

அங்கே இன்னும் முக்கால் மணி நேரம் நிற்கத் தேவையில்லை. 48 சதவீதம் என்றால் கையில் 19 யூனிட். பவானி வழியாகக் கோபிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். எழுபது, எண்பதில் ஓட்டினால் ஒன்பது யூனிட் போதும். "கெளம்பிடு சாமி, ராத்திரி வீட்ல போட்டுக்கலாம்" என்றேன்.

படி 4: பேட்டரிதான் என்றால் என்ன செய்வது

போய்ச்சேரும் அளவு இருந்தால் கிளம்புவதே நல்லது. இல்லையென்றால் நிழலில் நிறுத்தி, சார்ஜ் ஏறும்போது கேபின் ஏசியை அணைத்துப் பாருங்கள். பல கார்களில் கேபினுக்கும் பேட்டரிக்கும் ஒரே கம்ப்ரஸர்தான் குளிர்ச்சி தருகிறது. இருபது நிமிட ஓய்வால் பெரிய மாற்றம் எதிர்பார்க்காதீர்கள். சில நூறு கிலோ எடையுள்ள பேட்டரி மெதுவாகத்தான் ஆறும், குறிப்பாகத் திரவக் குளிர்ச்சி இல்லாத காரில்.

அதனால் வேலையை முன்கூட்டியே செய்வதுதான் பலன் தரும். சார்ஜிங் நிலையத்துக்கு முந்தைய கடைசி இருபது, முப்பது கிலோமீட்டரை எண்பதுக்குள் ஓட்டுங்கள். நாளின் இரண்டாவது சார்ஜுக்கு 30 kW மெஷின் கிடைத்தால் தயங்காமல் அதையே எடுங்கள். அது சீராக ஏற்றும். 60 kW மெஷினில் தொடங்கி 17-க்கு விழுவதை விடச் சில நேரம் அதுவே முன்னால் முடித்துவிடும்.

படி 5: சர்வீசுக்கு எப்போது?

குளிர்ந்த காலையில், அதிகம் ஓட்டாத பேட்டரியில், 20 முதல் 50 சதவீதத்துக்குள், வெவ்வேறு இடத்து இரண்டு மெஷின்களிலும் ஆம்ப் இறங்குகிறது என்றால் காரைக் காட்ட வேண்டும். கூலண்ட் குறைவு, பம்ப் பழுது, சார்ஜிங் வாயின் சென்சார் கோளாறு என்று தேட வேண்டியவை சில உண்டு. கூலண்டை நீங்களே திறந்து ஊற்றாதீர்கள். எடுத்து வைத்த போட்டோக்களை சர்வீஸ் ஆளிடம் காட்டி, ஒவ்வொன்றும் எந்த மெஷினில், எத்தனையாவது நிமிடத்தில் எடுத்தது என்று சொல்லுங்கள்.