வேலை விண்ணப்பக் கடிதம்: மொழிபெயர்க்கும் முன் தமிழிலேயே திருத்துங்கள்

தமிழில் எழுதிய விண்ணப்பக் கடிதத்தை ஆங்கிலமாக்கும் முன், "வேலை தந்து உதவுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்" என்பது போன்ற இறுதி வரியை நீக்கி, "புறக்கோட்டையிலுள்ள மொத்த வியாபார நிலையமொன்றில் 2 ஆண்டுகளாக வங்கிக் கணக்கிணக்கக் கூற்றை நானே தயாரித்து வருகிறேன், நேர்முகத் தேர்வுக்கு எந்த வார நாளிலும் வர இயலும்" என்று தமிழிலேயே மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கிலக் கடிதத்தில் மரியாதையைப் பெரும்பாலும் விளிப்பும் முடிப்பும் தாங்கிவிடுகின்றன: பெயர் தெரியாதவருக்கு 'டியர் சேர் ஓர் மேடம்' என்று தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி', பெயரிட்டு விளித்தால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. ஆகவே நடுப்பகுதியில் மீண்டும் பணிவு காட்டுவது, நம் காதுக்கு இயல்பாகவே பட்டாலும், அங்கே இரப்பதாகவே ஒலிக்கும். செய்த வேலையைச் செய்வினையில் சொன்னால் போதும். வர்த்தமானியில் மாதிரிப் படிவத்துடன் வெளியாகும் அரச பதவிகளுக்கு இது பொருந்தாது. அங்கே படிவத்தை அப்படியே பின்பற்ற வேண்டும்.