கார் சர்வீஸ் பில்லை பார்ட்ஸ், லேபர், வரி என்று பிரித்து எழுதுவது எப்படி?

ரொம்ப நாளாக என் டைரியில் ‘சர்வீஸ், 6,437 ரூபாய்’ என்று ஒரு வரிதான் எழுதிவந்தேன். போன தடவை அல்சூரில் வழக்கமாக விடும் கராஜில் பில் எகிறியபோது, ஏறியது பார்ட்ஸ் விலையா, லேபரா என்று கேட்கக்கூட என்னிடம் கணக்கு இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பில்லையும் கூகுள் ஷீட்டில் பிரித்து வைக்கிறேன்.

முதலில் கையில் இருப்பது எந்தக் காகிதம் என்று பாருங்கள். வண்டியை விடும்போது வாட்ஸ்அப்பில் வருவது எஸ்டிமேட். அதை வைத்து எழுதாதீர்கள். ‘டாக்ஸ் இன்வாய்ஸ்’ என்று தலைப்பு இருக்க வேண்டும். ‘பில் ஆஃப் சப்ளை’ என்று இருந்தால் அந்தக் கடை வரி வசூலிக்கவில்லை. வரிக் கட்டத்தில் பூஜ்யம் போட்டுவிடுங்கள், தொகையிலிருந்து வரியைக் கழித்துப் பிரிக்க வேண்டாம்.

ஷீட்டில் A முதல் H வரை: தேதி, கிலோமீட்டர், விவரம், கோடு, வகை, வரிக்கு முந்தைய தொகை, வரி சதவீதம், வரி. பில்லில் உள்ள ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ஷீட்டில் ஒரு ரோ. கோடு என்பது ஒவ்வொரு ஐட்டத்துக்கும் எதிரே இருக்கும் எண்: பொருளுக்கு எச்எஸ்என், சேவைக்கு எஸ்ஏசி. பெயரைப் பார்த்து ஏமாறலாம், எண்ணைப் பார்த்தால் பெரும்பாலும் ஏமாற மாட்டோம். ‘வீல் அலைன்மெண்ட்’ பார்ட்ஸ் பட்டியலுக்கு நடுவில் அச்சாகியிருந்தாலும் அதன் எண் 9987 என்று தொடங்கினால் அது லேபர்தான். சேவை எண்கள் எல்லாமே 99-இல் தொடங்கும். ஆகவே இந்த இரண்டு ஃபார்முலாக்களையும் கடைசி ஐட்டம் வரை கீழே இழுத்துவிட்டால் வகையையும் வரியையும் ஷீட்டே போட்டுக்கொள்ளும்:

```
E2: =IF(LEFT(D2,2)="99","லேபர்","பார்ட்ஸ்")
H2: =ROUND(F2*G2/100,2)
```

இனி என் பில். இன்ஜின் ஆயில் 3.5 லிட்டர் 1,400, ஆயில் ஃபில்டர் 120, முன் பிரேக் பேட் செட் 1,650. லேபரில் ஜெனரல் சர்வீஸ் 1,500, பேட் மாற்றியதற்கு 450, அலைன்மெண்ட் 500. எல்லாவற்றுக்கும் வரி 18 சதவீதம்.

அப்படியே ஏற்றிக் கூட்டினேன்: 5,620, வரி 1,011.60, மொத்தம் 6,631.60. பில்லிலோ 6,437. கிட்டத்தட்ட 195 ரூபாய் இடிக்கிறது. பில்லின் அடியில் ரவுண்ட் ஆஃப் 10 பைசா என்று இருந்ததால் உண்மையான மொத்தம் 6,436.90. வித்தியாசம் 194.70. இதை 1.18-ஆல் வகுத்தால் சரியாக 165 வருகிறது. 1,650-இல் பத்து சதவீதம்! பேடுக்குத் தள்ளுபடி கொடுத்திருக்கிறார்கள். நான் ‘ரேட்’ கட்டத்தைப் பார்த்து எழுதிவிட்டேன். எடுக்க வேண்டியது தள்ளுபடிக்குப் பிந்தைய ‘டாக்ஸபிள் வேல்யூ’. பேட் 1,485 ஆனதும் பார்ட்ஸ் 3,005, லேபர் 2,450, வரி 981.90. பைசா சுத்தமாக உட்கார்ந்தது.

```
=SUMIF(E2:E7,"பார்ட்ஸ்",F2:F7)
=SUMIF(E2:E7,"லேபர்",F2:F7)
=SUM(H2:H7)
```

கணக்கு இடிக்கும்போது வித்தியாசமே காரணத்தைச் சொல்லிவிடும். இதே பில்லில் 490.95 குறைந்தால், 18 சதவீதத்தில் ஒரு பாதியான சிஜிஎஸ்டி 9 சதவீதத்தை மட்டும் எழுதி மறுபாதியான எஸ்ஜிஎஸ்டி 9 சதவீதத்தை விட்டிருக்கிறீர்கள். ஒரே ஒரு பொருளின் தொகை அப்படியே குறைந்தால், பிடிஎஃபிலிருந்து ஒட்டிய எண் எழுத்தாக உட்கார்ந்திருக்கலாம். கட்டத்தில் அது இடப்பக்கம் ஒட்டி நிற்கும், கூட்டலில் சேராது. தட்டச்சு செய்தால் தீர்ந்தது.

எம்ஆர்பி-யை மட்டும் போடும் கடைகளும் உண்டு. எம்ஆர்பி-யில் வரி ஏற்கெனவே அடக்கம். 1,947 என்று இருந்தால் 1.18-ஆல் வகுத்து 1,650 என்று எழுதுங்கள், இல்லையென்றால் வரி இருமுறை ஏறும்.

பழைய பில்களை ஏற்றும்போது மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு பெரும்பாலான வாகன பார்ட்ஸுக்கு 28 சதவீத வரி, லேபருக்கு 18. அந்தத் தேதியிலிருந்து பார்ட்ஸும் 18. அதனால் சதவீதத்தை ஒவ்வொரு ஐட்டத்துக்கும் பில்லைப் பார்த்தே எழுதுங்கள், ஒரே எண்ணை இழுத்து நிரப்பாதீர்கள். இதே பேட் 1,485-க்கே அப்போது விற்றிருந்தால் வரியோடு 1,900.80, இப்போது 1,752.30. கடைசித் தொகையை மட்டும் பார்த்தால் கடைக்காரர் விலை குறைத்த மாதிரி தெரியும். அவர் ஒரு ரூபாயும் குறைக்கவில்லை. இரண்டு பில்களை ஒப்பிடும்போது F கட்டத்தை மட்டும் பாருங்கள்.

விவரத்தில் ‘பிரேக் பேட்’ என்று மட்டும் எழுதாமல் ‘முன்’ என்று சேர்த்து, பில்லின் மேலே இருக்கும் கிலோமீட்டரையும் ஏற்றுங்கள். நான் ஒருமுறை அதை விட்டதால், அடுத்த சர்வீஸில் ‘பேட் தேய்ந்துபோச்சு சார்’ என்று மெக்கானிக் சொன்னபோது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.