இன்னொரு சுற்று நேர்காணலுக்கு அழைக்கிறார்களா? பதிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்றாவது நேர்காணலுக்கு அழைக்கும்போதே "இதுதான் கடைசி" என்று சொல்லியிருப்பார்கள். அது நன்றாகவே முடிந்திருக்கும். சில நாள் கழித்து மனிதவளப் பிரிவிலிருந்து இப்படி ஒரு மின்னஞ்சல் வரும்: "எங்கள் குழுவினர் உங்களுடன் இன்னொரு முறை பேச விரும்புகிறார்கள். அடுத்த வாரம் உங்களுக்கு எப்போது வசதிப்படும்?" இந்த இரண்டு வரிக்குப் பதில் எழுதும் இடத்தில்தான், நன்றாகப் போய்க்கொண்டிருந்த விண்ணப்பம் பல நேரங்களில் தடுமாறுகிறது.

முதல் தவறு, அழைப்புக்குத் தவறான பொருள் கொள்வது. நேர்காணல் செய்தவர்கள் வழக்கமாகத் தத்தம் மதிப்பீட்டைத் தனித்தனியே எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு கூடிப் பேசுவார்கள். அப்போது ஒருவர் "எடுக்கலாம்" என்றும் இன்னொருவர் "குழுவை வழிநடத்துவாரா என்பது தெளிவாகவில்லை" என்றும் சொன்னால், அந்த ஒரு சந்தேகத்தைத் தீர்க்க இன்னொரு சுற்று வைப்பார்கள். ஒப்புதல் தர வேண்டிய உயர் அதிகாரி முந்தைய சுற்றுகளில் இல்லாமல் இருந்திருக்கலாம். உங்களை எந்தப் பதவி நிலையில் எடுப்பது என்ற கேள்வி எழுந்திருக்கலாம். வேண்டாம் என்று முடிவு செய்துவிட்ட ஒருவருக்காக மூத்த ஊழியரின் ஒரு மணி நேரத்தைச் செலவிடும் நிறுவனங்கள் குறைவு. அதே சமயம், வேலை கிடைத்துவிட்டது என்றும் இதற்குப் பொருள் இல்லை. ஆகவே ஏமாற்றத்தைக் காட்டும் பதிலும் பொருந்தாது, சம்பளப் பேச்சைத் தொடங்கும் பதிலும் பொருந்தாது.

இரண்டாவது தவறுதான் அதிகம் காணப்படுவது: கேள்வியை நிபந்தனையாக்கிவிடுவது. "ஏற்கெனவே மூன்று சுற்று முடிந்துவிட்டது. இன்னும் எத்தனை இருக்கிறது என்று சொன்னால்தான் நேரம் ஒதுக்க முடியும்" என்று எழுதுகிறார்கள். இந்தக் கோபம் நியாயமானதுதான். விடுப்பு எடுத்து, தயாரித்து, கடைசி என்று நம்பி வந்தவருக்கு அது வரத்தான் செய்யும். ஆனால் மின்னஞ்சலைப் படிப்பவர் பெரும்பாலும் நேரத்தை ஒழுங்குசெய்பவர். கூடுதல் சுற்றை முடிவு செய்தவர் வேறொருவர். உங்கள் பதில் அப்படியே அவருக்கு அனுப்பப்படலாம். அங்கே அது ஒரு கேள்வியாக அல்ல, உங்கள் சுபாவத்தைப் பற்றிய தகவலாகப் படிக்கப்படும்.

வரிசையை மாற்றினால் போதும். முதலில் சம்மதம், அடுத்து நேரம், அதன் பிறகு கேள்வி. சம்மதம் வந்துவிட்டபின் அதே கேள்வி, திட்டமிடுவதற்கான இயல்பான விசாரிப்பாகிவிடுகிறது. இதற்கு நேர் எதிராக, கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று "சரி, வருகிறேன்" என்று மட்டும் எழுதி அனுப்புவதும் தவறே. எந்தச் சந்தேகத்துக்காக அழைத்தார்கள் என்று தெரியாமலேயே நான்காவது சுற்றில் போய் உட்கார வேண்டியிருக்கும்.

மூன்றாவது தவறு, எண்ணிக்கையை மட்டும் கேட்பது. "இன்னும் எத்தனை நேர்காணல்?" என்று கேட்டால் "இது ஒன்றுதான்" என்று நேர்மையாகவே பதில் வரலாம். ஆனால் அதற்குப் பிறகு எழுத்துப் பணி, முன்னாள் மேலாளர்களிடம் விசாரிப்பு, மேலிட ஒப்புதல், சம்பளப் பேச்சு என்று பல படிகள் இருக்கலாம். அவை நேர்காணல் கணக்கில் வரா. நீங்கள் அறிய வேண்டியது முடிவு எப்போது, யாரால் எடுக்கப்படும் என்பதை. ஆகவே நேர்காணல்களை அல்ல, கட்டங்களைக் கேளுங்கள்.

கூகுள் நிறுவனம் தன் பழைய நேர்காணல்களை ஆராய்ந்து, நான்கு பேரின் மதிப்பீடு இருந்தாலே 86 சதவீத உறுதியுடன் முடிவெடுக்கலாம், அதற்குமேல் சேர்ப்பதால் பெரிய பயன் இல்லை என்று வெளியிட்டிருக்கிறது. இதைப் பதிலில் மேற்கோள் காட்டத் தோன்றும். வேண்டாம். அவர்களுடைய முறையைத் திருத்துவது உங்கள் விண்ணப்பத்தின் வேலை அல்ல.

கணக்குப் பிரிவில் மேலாளர் பதவிக்கு விண்ணப்பித்திருக்கும் ஒருவர், மூன்று சுற்று முடிந்த நிலையில் இப்படி எழுதலாம்:

"வணக்கம். மீண்டும் பேச அழைத்ததற்கு நன்றி. கட்டாயம் கலந்துகொள்கிறேன். செவ்வாய் காலை 10 முதல் 12 வரை, புதன் மாலை 4 மணிக்கு மேல், வெள்ளி முழுவதும் எனக்கு வசதிப்படும். யார் யாருடன் பேசப்போகிறேன், எதைப் பற்றிப் பேச விரும்புகிறார்கள் என்று தெரிவித்தால் அதற்கேற்பத் தயாராக வருவேன். என் வேலைகளைத் திட்டமிட்டுக்கொள்ள, தற்போதைய திட்டப்படி இந்தச் சுற்றுக்குப் பிறகு முடிவுக்கு முன் வேறு கட்டங்கள் உள்ளனவா என்றும், முடிவைச் சுமார் எப்போது எதிர்பார்க்கலாம் என்றும் சொல்ல இயலுமா?"

இதில் "தற்போதைய திட்டப்படி" என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். வாக்குறுதி கேட்கிறார் என்ற எண்ணம் வந்தால் மனிதவளப் பிரிவினர் பதிலை மழுப்புவார்கள். இப்போதைய நிலையை மட்டும் கேட்டால் தெரிந்ததைச் சொல்வார்கள். "மூன்றாவதுதான் கடைசி என்றீர்களே" என்ற வரி இதில் இல்லை என்பதையும் கவனியுங்கள். அது அவர்களுக்கும் நினைவிருக்கும். வந்த மின்னஞ்சலுக்கே பதிலாக, முடிந்தால் அன்றே அல்லது அடுத்த வேலை நாளில் அனுப்பிவிடுங்கள். வேறு ஊரிலோ நாட்டிலோ இருப்பவர்கள் எந்த இடத்து நேரம் என்பதைச் சேர்த்து எழுத வேண்டும்.

விரைவுபடுத்துவதற்காக இல்லாத வேலைவாய்ப்பை இருப்பதாகச் சொல்லும் பழக்கத்தை நான் உறுதியாக எதிர்க்கிறேன். "அப்படியானால் அதையே ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தால் திரும்ப வழியில்லை. உண்மையிலேயே வேறு வாய்ப்பு கையில் இருந்தால் தேதியோடு சொல்லுங்கள்: "வேறொரு நிறுவனத்துக்கு 18ஆம் தேதிக்குள் பதில் தர வேண்டியிருக்கிறது. அதற்கு முன் இந்தச் சுற்றை முடிக்க வாய்ப்பு உண்டா?" தேதி தெரிந்தால், இரண்டு பேரை ஒரே அமர்வில் உட்காரவைக்கவும் அவர்களால் முடியும்.

"இந்தச் சுற்று எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்தது" என்று பதில் வந்தால், மின்னஞ்சலில் மீண்டும் கேட்டு நெருக்காதீர்கள். நேர்காணலின் முடிவில், உங்கள் மேலாளராக வரப்போகிறவரிடம், "முடிவெடுக்க இன்னும் யாருடைய கருத்து தேவைப்படும்?" என்று கேளுங்கள். சக ஊழியராக வரப்போகிறவரிடம் இதைக் கேட்டுப் பயனில்லை. அவருக்குத் தெரிந்திருக்காது, தெரிந்தாலும் சொல்லும் உரிமை இருக்காது.

அதற்கும் பிறகு ஐந்தாவது அழைப்பு வந்தால் மின்னஞ்சலை விடுத்துத் தொலைபேசியில் பேசுவது நல்லது. "பங்கேற்க எனக்கு விருப்பம்தான். ஆனால் மீண்டும் விடுப்பு எடுப்பது கடினம். தீர்க்க வேண்டிய கேள்வி எது என்று சொன்னால், அரை மணி நேரத் தொலைபேசி உரையாடலிலோ எழுத்திலோ பதில் தர முடியுமா என்று பார்க்கிறேன்" என்று சொல்லலாம். உங்களை எடுக்க விரும்பும் மேலாளர் இதற்கு இறங்கிவருவார். எது கேள்வி என்பதையே யாராலும் சொல்ல முடியாவிட்டால், அந்தப் பதவிக்கு இன்னும் ஒப்புதல் கிடைத்திருக்காமலோ, அவர்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லாமலோ இருக்கலாம். அந்த நிலையில் மற்ற விண்ணப்பங்களை நிறுத்திவைத்துக் காத்திருக்க வேண்டாம்.